பெரிய கம்பெனிக்குப் போகும் ரெஸ்யூம், ஊருக்குத் திரும்பும் ரெஸ்யூம்: இரண்டையும் எப்படி எடைபோடுவது?

கேள்வி:

சார், எனக்கு ஊர் பாளையங்கோட்டை. பொறியியல் முடித்து ஏழு வருஷமாக வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் வேலை. மொத்தம் 14 பேர். மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங், சரக்கு, ஜிஎஸ்டி மென்பொருள் செய்கிறோம். பேக்கெண்ட், டேட்டாபேஸ், சர்வர், நடுவில் கொஞ்ச நாள் ஆண்ட்ராய்டு, கஸ்டமர் போன் என்று எல்லாம் என் தலையில்தான். பதவி டெக் லீட். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி சீனியர் டேட்டாபேஸ் ரிலையபிலிட்டி இன்ஜினியர் வேலைக்கு விளம்பரம் போட்டிருக்கிறது. அதில் கேட்டிருக்கும் 13 தகுதிகளில் எனக்கு ஏழுதான் தேறும். "உன் ரெஸ்யூம்ல எல்லாம் இருக்கு, எதுவும் ஆழமா இல்ல, பதவியை டேட்டாபேஸ் இன்ஜினியர்னு மாத்திப் போடு" என்கிறாள் தோழி. அப்படிச் செய்யலாமா?

இன்னொன்று. எங்கள் அத்தான் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் ஒன்பது வருஷமாக ஆரக்கிள் பெர்ஃபார்மன்ஸ் மட்டுமே பார்க்கிறார். அக்காவும் பிள்ளைகளும் இங்கேதான், அதனால் ஊருக்கு வந்துவிட நினைக்கிறார். எங்கள் முதலாளியிடம் அவர் ரெஸ்யூமைக் கொடுத்தேன். "நல்ல ஆளாத்தான் தெரியுது, ஆனா நமக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு பெரிய கம்பெனியில் இருப்பவரை எப்படி வேண்டாம் என்பார்? மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்:

விளம்பரத்தையும் இரண்டு ரெஸ்யூம்களையும் படித்தேன், பின்னால் நீங்கள் அனுப்பிய நீளமான மெயிலையும் சேர்த்து. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் முதலாளி செய்தது சரி. அந்த ரெஸ்யூமை வைத்துப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஏன் என்று பிறகு வருகிறேன், ஏனென்றால் உங்களுடைய ரெஸ்யூமிலும் அதே கோளாறுதான் வேறு வேஷத்தில் இருக்கிறது. இரண்டு பேருமே படிப்பவருக்கு வேண்டிய விஷயத்தை இரண்டாம் பக்கத்தில் அரை வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

13 தகுதிகளில் உண்மையான வேலை எது

ஏழு பொருந்துகிறது, ஆறு பொருந்தவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி எண்ணுவதில் பயனில்லை. பெரிய கம்பெனியில் ஒரு விளம்பரம் எப்படி உருவாகிறது தெரியுமா? ஆள் தேவைப்படும் மேலாளர் மூன்று நான்கு வரி எழுதுவார். போன முறை இதேபோன்ற வேலைக்குப் போட்ட விளம்பரத்திலிருந்து இன்னும் சில வரிகள் அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். குழுவில் யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த கருவியைச் சேர்ப்பார். கடைசியில் மனிதவளத் துறை, நல்ல தகவல் தொடர்புத் திறன் என்று முடித்து வைக்கும்.

மேலாளர் எழுதிய வரிகளைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. "நீங்கள் செய்யப்போகும் வேலை" என்ற பகுதியிலும் "எதிர்பார்க்கும் தகுதி" என்ற பகுதியிலும் இரண்டு முறை வருவது எதுவோ, அதுதான் வேலை. உங்கள் விளம்பரத்தில் அப்படி நான்கு விஷயங்கள் தேறுகின்றன: ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களின் வேகம், சேவையை அதிகம் நிறுத்தாமல் பதிப்பு மாற்றுவது, முறை வைத்து இரவில் அழைப்பை எடுப்பது, டேட்டாபேஸுக்கு நகல் ஓட்டும் ரெப்ளிகேஷனும், முதன்மை விழுந்தால் நகலுக்கு மாறும் ஃபெயிலோவரும். கசாண்ட்ரா, டெராஃபார்ம், கோ மொழி, சான்றிதழ் எல்லாம் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. இருந்தால் நல்லது, இல்லையென்றால் யாரும் அதற்காகத் தள்ளப்போவதில்லை.

இந்த நான்கில் உங்களை நிறுத்திப் பார்த்தால் வேகம் விஷயத்தில் பலமாக இருக்கிறீர்கள். பதிப்பு மாற்றத்தில் நேரடி அனுபவம் உண்டு. இரவு அழைப்புக்கு முறை என்று உங்கள் கம்பெனியில் எதுவும் இல்லை, ஏழு வருஷமும் உங்கள் முறைதான், அதை அப்படியே சொல்லலாம். நாலாவதில் நீங்கள் பலவீனம். அது நாலாவதாக இருப்பதால் விண்ணப்பியுங்கள் என்கிறேன், முதலாவதாக இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். சீனியர் என்று போட்டிருந்தாலும் ஒரு படி கீழே வைத்து எடுக்கிறோம் என்று கேட்க வாய்ப்பு உண்டு. நீங்கள் பார்த்தது ஒரு முதன்மை டேட்டாபேஸும் படிப்பதற்கான ஒரு நகலும். அங்கே அப்படி நூற்றுக்கணக்கில் ஓடும். அந்த அளவை நீங்கள் பார்த்ததில்லை என்பது உண்மைதானே, அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏடிஎஸ் மென்பொருள் வார்த்தைகளை எண்ணி உங்களைத் தூக்கி எறிந்துவிடும் என்று மெயிலில் பயந்திருந்தீர்கள். அது பெரும்பாலும் ரெஸ்யூம்களை அடுக்கி வைத்து, ஆள் எடுப்பவர் தேடினால் காட்டும் அலமாரி மாதிரிதான். தானாகத் தள்ளுவது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தின் கேள்விகளை வைத்து நடக்கிறது: போஸ்ட்கிரெஸில் எத்தனை வருஷம், நோட்டீஸ் எத்தனை நாள், வாரம் மூன்று நாள் அலுவலகம் வர முடியுமா. ரெஸ்யூமுக்கு எடுத்த நேரத்தில் பாதியையாவது அந்தப் படிவத்துக்குக் கொடுங்கள்.

ஐந்தாவது கேள்வி வரை தாங்குமா

உங்கள் ரெஸ்யூமின் முதல் பக்கத்தில் 22 தொழில்நுட்பங்களின் பெயர் இருக்கிறது. ஸ்டார்ட்அப்காரர்கள் எல்லாருமே செய்கிற காரியம் இது, செய்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியட்டும் என்ற ஆசை. ஆனால் ஒரு நிபுணரைத் தேடுகிறவர் அந்தப் பட்டியலைப் படித்தால், இந்தப் பெண் போஸ்ட்கிரெஸை எவ்வளவு தொட்டிருப்பார், 22-இல் ஒரு பங்கா என்றுதான் நினைப்பார். போதாக்குறைக்கு, நீங்கள் எழுதும் ஒவ்வொரு பெயரும் என்னைக் கேள் என்று நீங்களே நீட்டுகிற அழைப்பு. மூன்று வருஷமாகத் தொடாத ஆண்ட்ராய்டை அங்கே வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

இரண்டாம் பக்கத்தில், "பில் அறிக்கை மந்தம் சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி கிடக்கிறது. அதைப் பற்றி மெயிலில் நான் கேட்ட பிறகுதான் முழுக் கதையும் வந்தது. இந்த வேலைக்கு உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சரக்கு அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி கடைசி. 10-ஆம் தேதி ராத்திரி நயினார்குளம் மார்க்கெட் வியாபாரி முதல் கோவில்பட்டி ஏஜென்சி வரை எல்லாரும் ஒரே நேரத்தில் அறிக்கை எடுக்கிறார்கள், அது 40 நொடி எடுக்கிறது. பில் வரிகள் இருக்கும் அட்டவணையில் நாலு கோடி வரிகள். போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அழியாமல் செத்த வரியாக அங்கேயே கிடக்கும், ஆட்டோவாக்கூம் வந்துதான் அந்த இடத்தை மீட்கும். இயல்பான அமைப்பில் அது, அட்டவணையில் ஏறக்குறைய 20 சதவீதம் செத்த வரிகள் சேர்ந்த பிறகுதான் கிளம்பும். நாலு கோடிக்கு 20 சதவீதம் என்றால் 80 லட்சம். அவ்வளவு குப்பை சேரும் வரை யாரும் கூட்டவில்லை. நீங்கள் அந்த ஓர் அட்டவணைக்கு மட்டும் இதைச் செய்திருக்கிறீர்கள்:

```sql
ALTER TABLE invoice_items
  SET (autovacuum_vacuum_scale_factor = 0.02);
```

80 லட்சம் எட்டு லட்சமாகிவிட்டது. அதோடு சரியான ஓர் இன்டெக்ஸையும் சேர்த்து, அறிக்கை மூன்று நொடிக்குள் வந்திருக்கிறது. இனி இதை வைத்து ஒரு நேர்காணல் எப்படிப் போகும் என்று பாருங்கள். மந்தத்துக்குக் காரணம் செத்த வரிகள்தான் என்று எப்படித் தெரிந்தது என்பது முதல் கேள்வி. `pg_stat_user_tables`-இல் `n_dead_tup` பார்த்தேன், `EXPLAIN (ANALYZE, BUFFERS)` போட்டபோது கிடைத்த வரிகளுக்குப் பொருத்தமே இல்லாமல் ஏகப்பட்ட பக்கங்களைப் படித்தது என்பீர்கள். ஏன் சர்வர் முழுவதற்கும் மாற்றவில்லை? மற்ற அட்டவணைகள் சின்னவை, அவற்றுக்கு 20 சதவீதமே போதும். சரி, அமைப்பை மாற்றியும் செத்த வரிகள் குறையவில்லை என்றால் எங்கே தேடுவீர்கள்? ஏதோ ஓர் இணைப்பு பரிவர்த்தனையைத் திறந்துவைத்துவிட்டு மூடாமல் தூங்கிக்கொண்டிருக்கும், அது இருக்கும் வரை அதற்குப் பின் செத்த வரிகளை வாக்கூமால் எடுக்க முடியாது.

இதுவரை நன்றாகப் படித்தவர் யாரும் சொல்லிவிடலாம். அடுத்த இரண்டு கேள்விகள்தான் கையால் செய்தவரைத் தனியாகப் பிரிக்கும். வியாபாரிகள் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே இன்டெக்ஸ் சேர்த்தீர்களே, எப்படி? `CREATE INDEX CONCURRENTLY`. அது பாதியில் தோற்றால்? செல்லாத இன்டெக்ஸ் ஒன்று அட்டவணையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், தேடலுக்கு உதவாது, ஆனால் அட்டவணையில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் சுமை கூட்டும், அதை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும். ஜாங்கோ மைக்ரேஷனில் `atomic = False` போடாமல் அது ஓடவே ஓடாது என்பதை நீங்கள் மெயிலில் சலிப்போடு எழுதியிருந்தீர்களே, அந்தச் சலிப்போடு நேர்காணலிலும் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் அதே எரிச்சலை அனுபவித்திருந்தால் சிரிப்பார்.

பதிப்பு 11-இலிருந்து 14-க்கு மாற்றிய கதையும் அப்படித்தான். மாற்றி முடித்துவிட்டு `ANALYZE` ஓட்டாமல் தூங்கப் போய், காலையில் எல்லாத் தேடலும் ஊர்ந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிப்புகளில் மேம்படுத்தும்போது புள்ளிவிவரங்கள் கூடவே வருவதில்லை, அதனால் திட்டமிடும் பகுதி கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்யும். இதை மறைக்க வேண்டாம். ஒன்றுமே தவறாத மேம்படுத்தலைச் சொல்பவரைவிட, என்ன தவறியது, எத்தனை மணிக்குத் தெரிந்தது, எதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்பவரைத்தான் நான் அடுத்த சுற்றுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை மட்டும். உங்கள் டேட்டாபேஸ், அமேசானே பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ் சேவையில் ஓடுகிறது. "இதில் நீங்கள் செய்தது எது, ஆர்டிஎஸ் செய்தது எது?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஃபெயிலோவர் முழுக்க அமேசான் செய்தது, நீங்கள் ஒரு பெட்டியை டிக் செய்ததோடு சரி. ரெஸ்யூமில் இப்போது இருக்கும் "ஹை அவெய்லபிலிட்டி கட்டமைப்பை உருவாக்கினேன்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஐந்து கேள்விகள் என்ன, இரண்டாவது கேள்வியையே அது தாங்காது, அது விழும்போது நீங்கள் நிஜமாகச் செய்தவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிடும். அதற்குப் பதிலாக, ஸ்னாப்ஷாட்டிலிருந்து 180 ஜிபியை மீட்டெடுத்துச் சோதித்ததாகச் சொன்னீர்களே, அதைப் போடுங்கள். பேக்கப் எடுப்பவர்கள் நிறைய, மீட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

ஆக, முதல் பக்கத்தின் மேல்பாதி முழுவதும் டேட்டாபேஸ் மட்டும். இந்த ரகத்தில், ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"4 கோடி வரி கொண்ட பில் அட்டவணையில் (டேட்டாபேஸ் 180 ஜிபி), ஜிஎஸ்டி தாக்கல் நாட்களில் 40 நொடி எடுத்த அறிக்கையை 3 நொடிக்குள் கொண்டுவந்தேன், ஆட்டோவாக்கூம் அமைப்பையும் இன்டெக்ஸையும் சேவையை நிறுத்தாமல் மாற்றினேன்."

மற்ற வேலைகள் எல்லாம் கீழே நாலு வரியில் அடங்கட்டும். அடியோடு நீக்க வேண்டாம். கடைசிச் சுற்றில் மேலாளரோடு பேசும்போது, டேட்டாபேஸ் மந்தமானால் மறுமுனையில் வியாபாரி போனில் என்ன சொல்வார் என்று தெரிந்த ஆள் என்பது உங்களுக்குக் கைகொடுக்கும்.

பதவியின் பெயரைத் தொடாதீர்கள்

உங்கள் தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறாள், ஆனால் அந்த யோசனை ஆபத்து. பெரிய கம்பெனிகள் வெளி ஆட்களை வைத்துப் பின்னணி சரிபார்ப்பு செய்யும். பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்பார்கள், ரிலீவிங் லெட்டரில் இருக்கும் பதவியையும் தேதியையும் ஒப்பிடுவார்கள். நீங்கள் டேட்டாபேஸ் இன்ஜினியர் என்று எழுதி, கடிதத்தில் டெக் லீட் என்று இருந்தால் கொடுத்த ஆஃபரையே திரும்பப் பெறலாம், சில இடங்களில் சேர்ந்த பிறகுகூட வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அதனால் பதவி டெக் லீட் என்றே இருக்கட்டும். அதன் கீழே, முக்கியப் பணி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் பேக்கெண்டும் என்று ஒரு வரி. ரெஸ்யூமின் உச்சியில் உங்களைப் பற்றி ஒரு வரி விவரிப்பு எழுதுவீர்கள் அல்லவா, அதில் போஸ்ட்கிரெஸ் அனுபவமுள்ள பேக்கெண்ட் இன்ஜினியர் என்று தாராளமாகப் போடலாம், அது விவரிப்புதான், பதவி இல்லை.

படிவத்தில் வருஷக் கணக்கு கேட்டால் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். நேரடிப் பயன்பாட்டில் போஸ்ட்கிரெஸ் எத்தனை வருஷம் என்றால் ஏழு. டேட்டாபேஸை மட்டுமே பார்க்கும் தனி டிபிஏவாக எத்தனை வருஷம் என்றால் பூஜ்யம். இரண்டுமே உண்மை.

உங்கள் கம்பெனியின் பெயர் சென்னையில் யாருக்கும் தெரியாது என்று கவலைப்பட வேண்டாம். பெயருக்குக் கீழே, என்ன மென்பொருள், எத்தனை வியாபாரிகள் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வரி போட்டால் போதும்.

அப்புறம், கேள்வியில் இல்லாத ஒன்று. சின்னக் கம்பெனியில் கிராஜுவிட்டி எல்லாம் கிடையாது என்று மெயிலில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது பொருந்தும், ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ராஜினாமா செய்தாலும் உண்டு. 14 பேர், ஏழு வருஷம். மாதத்தை 26 நாளாக வைத்து வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1.6 லட்சத்துக்கு மேல் வரும். சண்டை போடாமல், ராஜினாமா கொடுத்த பிறகு எழுத்தில் கேளுங்கள்.

அத்தானின் ரெஸ்யூம்

இப்போது உங்கள் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கையில் வந்திருக்கும் ரெஸ்யூமில் ஏடபிள்யூஆர் என்ற வேக அறிக்கைகள், எக்ஸாடேட்டா, ஆர்ஏசி என்று எல்லாமே ஆரக்கிள் சமாச்சாரம். முதலாளியிடம் இருப்பதோ 180 ஜிபி போஸ்ட்கிரெஸ். ஆரக்கிள் லைசன்ஸ் வாங்கும் எண்ணம் அவருக்கு இந்த ஜென்மத்தில் இருக்காது. பெரிய வேகப் பிரச்சினை என்பது சில மாதங்களுக்கு ஒரு முறை வரும், அதையும் நீங்கள் சரிசெய்துவிடுகிறீர்கள். மற்ற நாட்களில் இவர் என்ன செய்வார்? இரண்டு பேருக்குக் கொடுக்கும் சம்பளத்தை இவர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். அவருடைய "நமக்கு எதுக்கு" என்ற கேள்விக்கு அந்த ரெஸ்யூமில் பதிலே இல்லை. திறமை இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அத்தானின் இரண்டு பக்கங்களிலும் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்த்தேன். பங்கேற்றார், ஆதரவு அளித்தார், ஒருங்கிணைத்தார், பரிசீலித்தார். பெரிய கம்பெனியில் அது இயல்பு. டிக்கெட் வரும், இவர் தேடலை ஆராய்ந்து பரிந்துரை எழுதுவார், மாற்றத்தை இன்னொரு குழு செய்யும், ஒப்புதலை இன்னொருவர் கொடுப்பார், சர்வரைத் தொட அனுமதியே இருக்காது. ஸ்டார்ட்அப்காரர் தேடுவது வேறு: யாரும் சொல்லாமல் இவரே கண்டுபிடித்து, இவரே முடித்து, வேறொருவர் பயன்படுத்தும் அளவுக்குக் கொண்டுபோனது எது? நிபுணரைத் தேடும் இடத்தில் ஆழத்துக்கு ஐந்து கேள்விகள் என்றால், இங்கே இந்த ஒன்றைத்தான் பல விதமாகக் கேட்பார்கள்.

அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில், இரண்டு ஏடபிள்யூஆர் அறிக்கைகளை ஒப்பிட ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், வேறு நான்கு குழுக்களும் பயன்படுத்துகின்றன என்று ஒரு வரி. அதை ஏன் அங்கே போட்டார்? யாரும் கேட்காமல் எழுதியது, தானே போய் மற்ற குழுக்களிடம் பழக்கியது. அதை முதல் பக்கத்தின் மேலே கொண்டுவந்து, என்ன தொல்லைக்காக எழுதினார், எத்தனை மணி நேர வேலை குறைந்தது, பிழை வந்தால் யார் பார்த்தார் என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

அவர் திறமையில் எது இங்கே கூட வரும், எது வராது என்பதையும் அவர் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தேடல் திட்டத்தைப் படிப்பது, பூட்டுகள் எங்கே சிக்குகின்றன என்று பார்ப்பது, இன்டெக்ஸ் எப்போது உதவாது என்பது எல்லாம் அப்படியே வரும். ஆனால் ஆரக்கிள் பழைய வரிகளை அன்டூ என்ற தனி இடத்தில் வைக்கும், அதனால் வாக்கூம் என்ற தொல்லையே அவருக்குப் புதிது. ஹின்ட் கொடுத்துத் திட்டத்தைத் திருப்பும் பழக்கமும் போஸ்ட்கிரெஸில் நேராக நடக்காது, அதற்குத் தனி எக்ஸ்டென்ஷன் வேண்டும். சில மாதம் உட்கார்ந்தால் பிடித்துவிடுவார், ஆனால் பிடித்துவிட்டேன் என்பதற்கு ரெஸ்யூமில் ஒரு சாட்சி வேண்டும்.

சாட்சிக்கு நான் சொல்வது இது. சொந்தத்தில் யாராவது கடை வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு சின்னக் கடன் கணக்கு மென்பொருளை, திரையிலிருந்து டேட்டாபேஸ், சர்வர், பேக்கப் வரை அத்தான் தனி ஆளாகச் செய்து கொடுக்கட்டும், காசு வாங்காமல். இப்போதைய வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கும், அதனால் காசு வாங்காததோடு கம்பெனி லேப்டாப்பையும் தொடக்கூடாது, ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துவிடுவதும் நல்லது. கடைக்காரர் ஒரு மாதம் உண்மையிலேயே பயன்படுத்தினால் போதும். அந்த ஒரு மாதத்தில் வரும் போன்களைப் பார்த்தபிறகு ஸ்டார்ட்அப் வேண்டாம் என்று அத்தானே சொன்னாலும் சொல்லலாம். ஒன்பது வருஷ வேலையை விட்ட பிறகு அது தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

உங்கள் கம்பெனி மாதிரி ஒன்றில்தான் சேர வேண்டும் என்பதையும் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். 14 பேர் கம்பெனிக்கு நிபுணர் தேவைப்படுவதில்லை. ஆரக்கிளை விட்டுப் போஸ்ட்கிரெஸுக்கு மாறும் நடுத்தரக் கம்பெனிகளுக்கு அவர் மாதிரி ஆள் கிடைப்பதே கஷ்டம். மாற்றும் வேலைக்கு `ora2pg` மாதிரிக் கருவி உண்டு, ஆனால் மாறிய பிறகு எந்தத் தேடல் ஏன் மந்தமானது என்று சொல்ல ஆரக்கிளில் அது எப்படி ஓடியது என்று தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்ட வேலையை வீட்டிலிருந்து செய்ய விடும் கம்பெனி கிடைத்தால் பாளையங்கோட்டையில் உட்கார்ந்தே பார்க்கலாம். 2011-இலேயே ஸோஹோ தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது, கங்கைகொண்டானில் எல்காட் ஐடி வளாகம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஸ்டார்ட்அப் ஒன்றுதான் வழி என்று இல்லை.

ஒருவேளை ஸ்டார்ட்அப்பிலேயே இடம் கிடைத்து, சம்பளம் குறைவு, பங்கு தருகிறோம் என்றார்கள் என்றால் மூன்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? தரும் பங்குகள் கம்பெனியின் மொத்தப் பங்குகளில் எத்தனை சதவீதம்? வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும்? பங்குகள் கைக்கு உரிமையாக சட்டப்படி குறைந்தது ஒரு வருஷம் ஆகும், நடைமுறையில் நாலு வருஷமாகப் பிரித்துத் தருவார்கள். அப்புறம் அவற்றை வாங்கும்போதே, விற்றுக் காசு பார்க்காமலே, அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கணக்காகி வரி வரும். சில வகை ஸ்டார்ட்அப்களில் அந்த வரியைத் தள்ளிக் கட்ட வழி உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

இன்னொரு எண்ணம் உங்கள் வீட்டில் ஓடுவது மெயிலிலேயே தெரிந்தது: நீங்கள் சென்னைக்குப் போனால் உங்கள் இடத்துக்கு அத்தான் வரலாமே என்று. இப்போதைக்கு அது நடக்காது. உங்கள் நாற்காலியில் காலையில் டேட்டாபேஸ், மதியம் வியாபாரியின் போன், ராத்திரி சர்வர். அத்தானுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். அதைவிட முக்கியம், அவருக்காகப் பேசும் சாக்கில் நீங்கள் வெளியே தேடுவதை முதலாளியிடம் உளறிவிடாதீர்கள். சென்னை ஆஃபர் எழுத்தில் வரும் வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

உங்களுக்கு ஒரு கேள்வி பாக்கி. இங்கே ஒரே ராத்திரியில் போட்ட இன்டெக்ஸை அங்கே போட ஒப்புதல், பரிசீலனை, மாற்றத்துக்கான நேரம் என்று இரண்டு வாரம் ஆகலாம். அப்ளிகேஷன் கோடைத் தொடவே விடமாட்டார்கள். நேர்காணல் முடிவில் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். அப்போது, குழுவில் ஒருவர் போன மாதம் செய்த மாற்றம் ஒன்றைச் சொல்லச் சொல்லி, யோசனையிலிருந்து நேரடி சர்வர் வரை எத்தனை நாள் ஆனது, ராத்திரி அழைப்பு வாரத்துக்கு எத்தனை வருகிறது என்று கேளுங்கள். பதிலைக் கேட்டதும் உங்களுக்கு மூச்சு முட்டினால் சம்பளத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அதெல்லாம் பிறகு, இப்போதைக்கு உங்கள் கம்பெனியில் நோட்டீஸ் 60 நாள் என்று படிவத்தில் எழுதி, திருத்திய முதல் பக்கத்தோடு இந்த வாரமே அனுப்புங்கள்.